படம் வருகிறது, பெயர் வருவதில்லை

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் குறைபார்வை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினால் அவரால் படிக்க முடியும். வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசும். வீட்டு மடிக்கணினியில் விண்டோஸின் மேக்னிஃபையரை 300 சதவீதத்தில் வைத்து, நிறங்களைத் தலைகீழாக்கி, கறுப்பில் வெள்ளை எழுத்தாகப் படிக்கிறார். கண் சோர்ந்தால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டும். இவை எல்லாம் பழகி, கைவந்துவிட்டவை.

ஒருநாள் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியில் வேலை செய்யச் சொல்கிறார்கள். `mstsc` என்று தட்டி ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கிறார். அலுவலகத் திரை முழுத்திரையாக வந்து நிற்கிறது. உருப்பெருக்கம் அப்படியே இருக்கிறது, கறுப்புப் பின்னணியும் இருக்கிறது. ஆனால் என்விடிஏ அந்தச் சன்னலின் தலைப்பை ஒருமுறை சொல்லிவிட்டு ஊமையாகிறது. எக்செல்லில் Tab அழுத்தினால் அடுத்த கட்டம் எங்கோ தேர்வாகிறது, உருப்பெருக்கியோ பழைய இடத்திலேயே நிற்கிறது. மவுஸை அசைத்தால் மட்டும் பின்னாலேயே ஓடிவருகிறது. அவர் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்து வைத்திருந்த அம்புக்குறி மெல்லிய வெள்ளை அம்பாகச் சுருங்கிவிட்டது.

பாதி வேலை செய்கிறது, பாதி உடைகிறது. பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரிந்தாலும் இதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. குறைபார்வை உள்ளவர்களின் கணினிகளை அமைத்துத் தரும்போது நான் முதலில் விளக்குவது அந்த ஒழுங்கைத்தான். அது புரிந்துவிட்டால் எந்த அமைப்பை எந்தப் பக்கத்தில் போடுவது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் ஆர்டிபி என்ற நெறிமுறை, அலுவலகக் கணினியின் திரையைப் படமாக்கி அனுப்புகிறது. நாம் அழுத்தும் விசையையும் மவுஸ் அசைவையும் அந்தப் பக்கம் கொண்டுபோகிறது. ஒலி, அச்சு, நகலெடுத்து ஒட்டுவது ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனித் தடங்கள் வைத்திருக்கிறது. திரையில் தெரிகிற பொருள் என்ன என்ற தகவலுக்கு மட்டும் முழுத்திரை இணைப்பில் தடம் கிடையாது. ‘இது ஒரு பொத்தான், இதன் பெயர் சேமி, கர்சர் இப்போது இங்கே நிற்கிறது’ என்பது போன்ற விவரங்களை விண்டோஸ் ஒரு மரம்போலக் கட்டி வைத்திருக்கிறது. திரைவாசிப்பான் பேசுவது அந்த மரத்தைக் கேட்டுத்தான். அது அலுவலகக் கணினியின் நினைவகத்திலேயே தங்கிவிடுகிறது. வீட்டு என்விடிஏவின் கணக்கில் திரையில் இருப்பது ஒரே ஒரு பொருள்: ஒரு பெரிய ஓவியம். ஓவியத்தில் ஆயிரம் பொத்தான் வரைந்திருந்தாலும் அதற்கு அது ஓவியம்தான்.

ஆகவே எந்த வசதியைப் பற்றியும் ஒரே கேள்வி கேட்டால் போதும். இது திரையின் புள்ளிகளை வைத்து வேலை செய்கிறதா, செயலியிடம் விசாரித்து வேலை செய்கிறதா? புள்ளிகளை நம்புவது வீட்டுக் கணினியில் இருந்தாலும் நடக்கும். விசாரிப்பதை நம்புவது அலுவலகக் கணினியில் ஓடினால்தான் நடக்கும்.

நம் கணக்காளரின் உருப்பெருக்கி இந்த இரண்டையும் செய்கிற ஒன்று. குறைபார்வை உள்ளவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் அதிகம். முழுப் பார்வையின்மை உள்ளவருக்குத் திரைவாசிப்பான் பேசுகிறது அல்லது பேசவில்லை, உடைந்தது உடனே தெரிந்துவிடும். குறைபார்வை உள்ளவருக்கோ திரை பெரிதாகத் தெரிகிறது, எல்லாம் சரி என்ற எண்ணம் வருகிறது, அரைமணி நேரம் கழித்துத்தான் ஏன் இவ்வளவு களைப்பு என்று யோசிக்கிறார்.

களைப்புக்குக் காரணம் எளிய கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை 300 சதவீதம் பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் கண்ணில் படுவது 640க்கு 360 புள்ளிகள், அதாவது முழுத்திரையில் ஒன்பதில் ஒரு பங்கு. 400 சதவீதம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. சாதாரணமாக இது தொந்தரவு தராது. தட்டச்சு செய்யும்போது எழுத்துக் கர்சர் நகர, உருப்பெருக்கியும் தானே நகரும். Tab அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். உரையாடல் பெட்டி திறந்தால் அதன்மேல் போய் நிற்கும். இதற்கெல்லாம் கர்சர் எங்கே என்று செயலி சொல்ல வேண்டும். ஓவியத்துக்குள் இருக்கும் கர்சரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மவுஸ் அசைவு மட்டும் வீட்டுக் கணினியிலேயே நடப்பதால் அதைத் தொடர முடிகிறது. விளைவு, கணக்காளர் ஒரு கட்டத்தில் எண்ணை இட்டு Tab தட்டுகிறார், பிறகு மவுஸை எடுத்துத் திரை முழுக்கத் தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், மீண்டும் விசைப்பலகைக்கு வருகிறார். ஒன்பதில் எட்டுப் பங்கு திரை எப்போதும் அவருக்குத் தெரியாத இடம். ‘கோப்பைச் சேமிக்கவா’ என்று கேட்கும் சிறு பெட்டி அந்த எட்டுப் பங்கில் எங்காவது திறந்துகொண்டு நின்றால், கணினி உறைந்துவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். இப்படி ‘உறைந்த’ கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் உருப்பெருக்கியை அலுவலகக் கணினியில் ஓடவிடலாமே? ஓடவிடலாம். அங்கே அது கர்சரை ஒழுங்காகத் தொடரும். ஆனால் விலை உண்டு. பெரிதாக்கிய காட்சி சற்று நகர்ந்தாலும் திரையின் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. முழுத்திரை என்பது 20,73,600 புள்ளிகள். ஆர்டிபியின் சாமர்த்தியமே மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதில்தான் இருக்கிறது. முழுத்திரையும் ஓயாமல் மாறிக்கொண்டே இருந்தால் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. நல்ல அலுவலக வலையில் இது தெரியாது. கைபேசி இணைப்பில் வேலை செய்பவருக்குக் காட்சி துண்டு துண்டாகத் தாவும், எழுத்து ஒரு கணம் கலங்கிப் பிறகு தெளியும். வீட்டு உருப்பெருக்கி நகர்வதற்கு வலைவழியாகப் புதிய படம் எதுவும் வர வேண்டியதில்லை, அதனால் அது வழுவழுவென்று நகர்கிறது. தொடர்வது வேண்டுமா, வழுவழுப்பு வேண்டுமா என்பதே இங்கே பேரம்.

நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இரண்டையும் பிரித்துக்கொள்ளும் வழி. பெருக்கத்தில் ஒரு பகுதியை அலுவலகக் கணினியின் திரை அளவீட்டுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வீட்டு உருப்பெருக்கிக்கு விடுவது. அளவீடு என்பது விண்டோஸ் அமைப்புகளில் 125, 150 சதவீதம் என்று இருக்கிறதே, அதுதான். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்த பிறகு அதை மாற்றப் போனால், தொலை அமர்விலிருந்து திரை அமைப்பை மாற்ற முடியாது என்று விண்டோஸ் மறுத்துவிடும். பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த எண் வீட்டுப் பக்கத்திலிருந்து போகிறது. விண்டோஸ் 8.1 காலத்திலிருந்து, இணைக்கும் கணினி தன் அளவீட்டை இணைப்பின்போதே சொல்லியனுப்புகிறது. ஆகவே இணைப்பதற்கு முன் வீட்டுத் திரையை 150 சதவீதத்துக்கு மாற்றிவிட்டு, அலுவலகக் கணினியில் பழைய அமர்வு இருந்தால் வெளியேறி, புதிதாக நுழைய வேண்டும். வெளியேறாமல் துண்டித்து மட்டும் மீண்டும் இணைத்தால், முன்பே திறந்திருந்த சில செயலிகள் பழைய அளவிலேயே வரைந்து, அதை நீட்டிக் காட்டும். எழுத்து மங்கலாக, கண்ணாடியில் ஆவி படிந்ததுபோலத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். அளவீடு 150, உருப்பெருக்கி 200. பெருக்கினால் அதே மூன்று மடங்கு. ஒரு நேரத்தில் கண்ணில் படும் எழுத்துகளின் எண்ணிக்கை கூடவில்லை, மூன்று மடங்கு எப்படிச் செய்தாலும் மூன்று மடங்குதான். மாறியது வேறு. முன்பு திரையில் ஒன்பதில் ஒரு பங்கைப் பார்த்தவர் இப்போது நான்கில் ஒரு பங்கைப் பார்க்கிறார். தொலைந்துபோகும் கர்சரைத் தேட வேண்டிய இடம் குறைந்துவிட்டது. எழுத்தின் விளிம்பும் கூர்மையாகிறது. ஒன்றரை மடங்கு பெரிய எழுத்தை அலுவலகக் கணினியே அழகாக வரைந்து அனுப்புகிறது, வீட்டுப் பக்கம் அதை இரண்டு மடங்குதான் இழுக்கிறது. கெடுதலும் உண்டு. எக்செல்லின் மேல்பட்டை திரையில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். Ctrl+F1 அழுத்தி அதைச் சுருக்கிவிடுவது நல்லது.

கூர்மையைப் பற்றி இன்னொன்று. எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கும் வசதியை, மெதுவான இணைப்பு என்றால் ரிமோட் டெஸ்க்டாப் நிறுத்திவிடக்கூடும். முழுப் பார்வை உள்ளவர் இதைக் கவனிக்கவே மாட்டார். மூன்று மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு எழுத்தும் படிக்கட்டாகத் தெரியும். .rdp இணைப்புக் கோப்பில் `allow font smoothing:i:1` என்று இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. ஜூம்டெக்ஸ்ட் போன்ற விலைகொடுத்து வாங்கும் உருப்பெருக்கிகள் எழுத்தை அதிகக் கூர்மையாகக் காட்டுவதற்குப் பேர்போனவை. அந்தக் கூர்மையும் எழுத்தை எழுத்தாக அறிந்து மறுபடி வரைவதால் வருவதே. ஓவியத்துக்குள் இருக்கும் எழுத்தின்மீது அந்த வித்தை பலிக்காது. வாங்கிய மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

நிறத்துக்கு வருவோம். உருப்பெருக்கியின் நிறத் தலைகீழாக்கமும் விண்டோஸின் நிற வடிகட்டியும், திரைக்குப் போகும் கடைசிப் படத்தைப் பிடித்து மாற்றுபவை. ஆகவே அவை வீட்டில் இருந்தாலும் அலுவலகத் திரைமேல் வேலை செய்கின்றன. மாறுபாட்டுத் தீம் எனப்படுவது அப்படியல்ல. பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை, இணைப்பு மஞ்சள் என்று அது ஒவ்வொரு செயலியிடமும் சொல்லி, செயலிகள் கேட்டு நடந்தால்தான் உண்டு. வீட்டில் அதைப் போட்டால் ரிமோட் டெஸ்க்டாப்பின் சட்டகம் மட்டும் கறுப்பாகும், உள்ளே வெள்ளைத் திரை அப்படியே ஒளிரும். அதை அலுவலகக் கணினியின் சொந்தக் கணக்கில்தான் போட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வது ஒரு காரணத்தால். அங்கே மாறுபாட்டுத் தீம், இங்கே தலைகீழாக்கம் என்று இரண்டையும் போட்டவர்கள் கூசும் வெள்ளைத் திரைக்கே திரும்பி வந்துவிடுகிறார்கள். கறுப்பைத் தலைகீழாக்கினால் வெள்ளை.

மவுஸ் அம்புக்குறிக்கும் இதே விதி. ரிமோட் டெஸ்க்டாப் சன்னலுக்குள் அம்புக்குறியின் இடம் வீட்டுக் கணினியுடையது, அதன் வடிவம் அலுவலகக் கணினி அனுப்புவது. வீட்டில் செய்த மஞ்சள் பெரிய அம்பு எல்லையைத் தாண்டியதும் மறைவது இதனால்தான். ஆர்டிபியில் அம்புக்குறி தொடக்கத்தில் 32க்கு 32 புள்ளிகள் என்ற அளவில் இருந்தது. பிறகு 96, அதற்கும் பிறகு 384 என்று பெரிய அளவுகளையும் நெறிமுறையில் சேர்த்தார்கள். இரு பக்கமும் இதை அறிந்த புதிய பதிப்புகளாக இருந்தால் அலுவலகக் கணினியில் அம்புக்குறியைப் பெரிதாக்கி வைக்கலாம், பெரிதாகவே வரும். ஒரு பக்கம் பழையது என்றால் சிறியதோடு வாழப் பழக வேண்டும்.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. முழுத்திரையை அனுப்பாமல் ஒரே ஒரு செயலியின் சன்னலை மட்டும் அனுப்பும் முறை ஒன்று உண்டு, ரிமோட்ஆப் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் அதன் நெறிமுறை ஆவணத்தைப் புரட்டினால், வீட்டுக் கணினியின் உயர் மாறுபாட்டு அமைப்பு, எழுத்துக் கர்சரின் தடிமன், ஒட்டும் விசைகள் ஆகியவற்றை அந்தப் பக்கத்துக்குத் தெரிவிப்பதற்கென்றே செய்திகள் வகுத்திருக்கிறார்கள். அங்கிருந்து வரும் சன்னல் உங்கள் சொந்தக் கணினியின் சன்னலோடு கலந்து நிற்க வேண்டும், வேறுபாடு தெரியக்கூடாது என்பது அந்த முறையின் நோக்கம். அதனால் இந்த அக்கறை. முழுத்திரை முறையில் அது தனிக் கணினி, அதன் அமைப்பு அதனுடையது என்று விட்டுவிட்டார்கள். செய்ய முடியாது என்பதல்ல காரணம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பேச்சுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எளிதானது, அலுவலகக் கணினியில் திரைவாசிப்பானை ஓடவிட்டு அதன் ஒலியை வீட்டுக்குக் கொண்டுவருவது. இணைப்புக் கோப்பில் `audiomode:i:0` என்றால் ஒலி வீட்டில் கேட்கும், 1 என்றால் அலுவலக மேசையில் யாருமில்லாத அறையில் அது பேசிக்கொண்டிருக்கும், 2 என்றால் எங்கும் கேட்காது. சாதாரண விண்டோஸுக்கு இது பெரும்பாலும் தானே சரியாக இருக்கும். விண்டோஸ் சர்வர் என்றால் ஒலியைக் கொண்டுவரும் அனுமதி கொள்கை அளவில் மூடியிருக்கலாம், விண்டோஸ் ஆடியோ சேவையே ஓடாமலும் இருக்கலாம். இரண்டையும் நிர்வாகிதான் திறந்துவிட வேண்டும்.

ஒலி வந்துவிட்டாலும் ஒரு குறை உண்டு. திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் முழு வாக்கியத்தையும் கேட்பதில்லை. முதல் அசை கேட்டதும் இது வேண்டாம் என்று அடுத்த விசைக்குத் தாவுகிறார்கள், பேச்சு அங்கேயே வெட்டுப்பட வேண்டும். ஒலியாக அனுப்பும்போது ஏற்கெனவே அனுப்பிய ஒலி வீட்டுப் பக்கத்தில் வரிசையில் காத்திருக்கிறது. அலுவலகத்தில் பேச்சு நின்ற பிறகும் இங்கே பழைய சொல்லின் வால் கேட்கும். பத்து முறை கீழ் அம்பை வேகமாக அழுத்திப் பாருங்கள். விரல் பத்தாவது வரியில் இருக்கும்போது காது ஏழாவது வரியில் இருந்தால், கோளாறு இந்த வரிசையில்தான். திரையைப் பெரிதாக்கியும் கேட்டும் வேலை செய்பவருக்கு இது இன்னும் கெடுதல். கண் ஒரு வரியையும் காது வேறொரு வரியையும் காட்டும். அவர் எந்த எண்ணை நம்புவது?

இரண்டாவது வழி, ஒலிக்குப் பதில் பேச வேண்டிய எழுத்தையே அனுப்புவது. ஆர்டிபி, பிறர் எழுதிய நிரல்களும் தங்கள் தகவலைச் செலுத்திக்கொள்ள மெய்நிகர்த் தடம் என்றொன்றை அனுமதிக்கிறது. ஜாஸ் திரைவாசிப்பான் இந்த வழியை நீண்டகாலமாகக் கையாள்கிறது. இரு பக்கமும் ஜாஸ் இருக்க வேண்டும், உரிமத்தில் தொலை அணுகலுக்கு அனுமதி இருக்க வேண்டும். என்விடிஏவுக்கு இதே வேலையை ஆர்டிஆக்சஸ் என்ற இலவசக் கூடுதல் நிரல் செய்கிறது, அதையும் இரு பக்கமும் நிறுவ வேண்டும். அலுவலகப் பக்கத்து என்விடிஏ செயலியை விசாரித்து, சொல்ல வேண்டிய சொல்லை எழுத்தாக அனுப்புகிறது, வீட்டுப் பக்கத்து என்விடிஏ அதைத் தன் குரலில் சொல்கிறது. ஒரு சொல் என்பது சில பைட்டுகள்தான். இதனால் மெதுவான இணைப்பிலும் பேச்சு சுறுசுறுப்பாக வருகிறது. பிரெய்ல் கருவி வைத்திருப்பவருக்கு அதன் வரியும் இந்தத் தடத்திலேயே வருகிறது. ஒலி வழியில் அது கிடைக்க வாய்ப்பே இல்லை.

தமிழில் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். ஒலி வழியில் பேசுவது அலுவலகக் கணினியில் இருக்கும் குரல். அங்கே தமிழ்க் குரல் நிறுவவில்லையென்றால் தமிழ்க் கோப்பு முழுக்க மௌனமாகவோ, புரியாத முணுமுணுப்பாகவோ கேட்கும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு, உலோகக் குரலாக இருந்தாலும் எங்கும் கிடைக்கும். எழுத்து வழியில் இந்தக் கவலை இல்லை. குரல் வீட்டில் இருக்கிறது, வீட்டில் பழகிய தமிழ்க் குரலே பேசும்.

மூன்றாவது வழியை இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. இரண்டு என்விடிஏக்கள் ரிமோட் டெஸ்க்டாப்பே இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை அது. முன்பு கூடுதல் நிரலாக இருந்தது, 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே வந்துவிட்டது. விசைகள் போகின்றன, பேச்சு வருகிறது, படம் வராது. முழுப் பார்வையின்மை உள்ளவருக்கு அருமையான வழி. மிச்சமிருக்கும் பார்வையையும் பயன்படுத்துபவருக்கு அரை வழி.

எதையும் நிறுவ அலுவலகம் அனுமதிக்கவில்லை என்றால்? அப்போதும் வீட்டு என்விடிஏ முற்றிலும் கையாலாகாததல்ல. NVDA+R அழுத்தினால் அது ஓவியத்திலுள்ள எழுத்தைப் படம் பார்த்து அறிந்து வாசிக்கும். புள்ளிகளை நம்பும் வசதி என்பதால் எல்லையைத் தாண்டுகிறது. நீண்ட ஆங்கிலக் கடிதத்தைப் படிக்க இது போதும். ஆனால் எது பொத்தான், எந்தக் கட்டம் தேர்வாகியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது வாசிப்பது அழுத்திய கணத்தின் திரையை, பிறகு திரை மாறினால் மீண்டும் அழுத்த வேண்டும்.

இரு பக்கமும் திரைவாசிப்பான் ஓடும்போது விசை யாருக்குப் போகிறது என்ற சண்டை தொடங்குகிறது. Insert விசையை வீட்டு என்விடிஏ தன்னுடையது என்று பிடித்துக்கொண்டால் அலுவலக என்விடிஏவுக்கு அது போய்ச் சேராது. விண்டோஸ் விசையோடு சேர்ந்த கட்டளைகளுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே ஓர் அமைப்பு உண்டு. `keyboardhook` என்பது 0 என்றால் அவை எப்போதும் வீட்டுக்கு, 1 என்றால் அலுவலகத்துக்கு, 2 என்றால் முழுத்திரையாக இருக்கும்போது மட்டும் அலுவலகத்துக்கு. இயல்பாக இருப்பது 2. அதனால்தான் முழுத்திரையில் இருந்துகொண்டு பெருக்கத்தைக் கூட்ட Windows விசையையும் + விசையையும் அழுத்தினால் அலுவலகக் கணினியில் இன்னோர் உருப்பெருக்கி திறந்துகொள்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உருப்பெருக்கிகள்: இரண்டு மடங்கை மூன்று மடங்காக்கினால் ஆறு மடங்கு. திரையில் ஓர் எழுத்தின் வளைவு மட்டும் மலைபோல நிற்கும்.

வீட்டு உருப்பெருக்கியை நம்பும் நம் கணக்காளருக்கு 0 தான் பொருத்தம். அவருடைய இணைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து இந்த வரிகள் இப்படி இருக்குமாறு செய்தால் போதும்:

```
screen mode id:i:2
keyboardhook:i:0
audiomode:i:0
allow font smoothing:i:1
```

இதற்குப் பின் Alt+Tab வீட்டுக் கணினியின் சன்னல்களிடையேதான் தாவும். அலுவலகத்துச் சன்னல்களிடையே தாவ Alt+Page Up, அங்குள்ள தொடக்கப் பட்டியலுக்கு Alt+Home. இரண்டு நாள் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். முழுத்திரையிலிருந்து வெளிவர Ctrl+Alt+Break. சில மடிக்கணினிகளில் Break விசை ஒளிந்திருக்கும், முதல் நாளே அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

யார் பேசுகிறார்கள் என்று தெரிய ஒரு சின்ன உபாயம். அலுவலக என்விடிஏவுக்கு வேறு குரலோ, கேட்ட உடனே தெரியும்படி வேறு வேகமோ வைத்துவிடுங்கள். பிறகு NVDA+T அழுத்துங்கள், அது சன்னலின் தலைப்பைச் சொல்லும் கட்டளை. வீட்டுக் குரலில் ரிமோட் டெஸ்க்டாப் என்று கேட்டால் விசை எல்லையைத் தாண்டவில்லை. அலுவலகக் குரலில் எக்செல் கோப்பின் பெயர் கேட்டால் தாண்டிவிட்டது. எழுத்துத் தடத்தைப் பயன்படுத்துவோருக்குக் குரல் ஒன்றே என்பதால் சொல்லப்படும் தலைப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒலி வழியில் விசை தாண்டாமல் நிற்கிறது என்றால், வீட்டு என்விடிஏவை ரிமோட் டெஸ்க்டாப் சன்னலுக்குள் மட்டும் உறங்கவைக்கலாம், NVDA+Shift+S.

இத்தனையும் சரிசெய்த பிறகும் இரண்டு இடங்கள் மிச்சம் இருக்கின்றன. முதலாவது நுழைவாயில். கடவுச்சொல்லை இணைப்புக்கு முன்பே வீட்டுக் கணினியின் சொந்தப் பெட்டியில் கேட்கும் முறை விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்தது, வலை மட்ட அடையாளச் சோதனை என்பது அதன் பெயர். பாதுகாப்புக்காகச் செய்தது. ஆனால் அந்தப் பெட்டி வீட்டுக் கணினியுடையது என்பதால் உருப்பெருக்கி அதைத் தொடர்கிறது, என்விடிஏ அதை வாசிக்கிறது. இந்தச் சோதனையை அணைத்துவைத்திருக்கும் சர்வரில், கடவுச்சொல் பெட்டியே ஓவியத்துக்குள் வந்துவிடும். அங்கே திரைவாசிப்பான் இன்னும் ஓடத் தொடங்காமல் இருக்கலாம்.

இரண்டாவது, நிர்வாக அனுமதி கேட்டுத் திரை மங்கும் கணம். விண்டோஸ் அப்போது மற்றச் செயலிகள் எட்ட முடியாத தனித் திரைக்கு மாறுகிறது. அலுவலகக் கணினியில் என்விடிஏவை முறைப்படி நிறுவியிருந்தால் அந்தத் திரைக்கென்று இன்னொரு பிரதி தானே எழுந்து வாசிக்கும். பென்டிரைவிலிருந்து ஓடும் பிரதிக்கு அந்த உரிமை இல்லை. நிறுவ அனுமதி கிடைக்காமல் பென்டிரைவ் பிரதியை ஓட்டிச் சமாளிக்கும் அலுவலகங்களில், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து ஏதோ ஒரு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கேட்கும் நேரத்தில் பேச்சு நின்றுபோவது இதனால்தான். நம் கணக்காளர் அப்போது செய்யக்கூடியது, உருப்பெருக்கியை 100 சதவீதத்துக்கு இறக்கி, மங்கிய திரையின் நடுவில் இருக்கும் பெட்டியைக் கண்டு, மவுஸை அங்கே கொண்டுபோய் மீண்டும் பெரிதாக்கிப் படிப்பது. பெட்டியில் கேட்பது நிர்வாகியின் கடவுச்சொல் என்றால் Esc அழுத்தித் திரும்பி வந்து, ஐடி பிரிவுக்கு ஃபோன் செய்ய வேண்டியதுதான். அப்போதே நிறுவிய பிரதியையும் கேட்டுவிடலாம்.